7 நிமிடத்தில் 1500 மீட்டர்

பாகலூரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு மாணவர், காவலர் வேலையை மனதில் வைத்து இப்போதே ஓடிப் பழகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் மைதானத்தில் அது சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. நம் மாணவருக்கு இன்று ஆவது 8 நிமிடம் 30 விநாடி, அதாவது சுற்றுக்கு 2 நிமிடம் 16 விநாடி. இந்த 24 விநாடியை எப்படிக் குறைப்பது?

ஃபிட் கோட்பாடு நான்கு கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நேரம், எந்த வகைப் பயிற்சி? நம் மாணவருக்கு மூன்று நாள் ஓட்டம் போதும். இரண்டு நாள், பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் 20 நிமிடம். மூன்றாம் நாள், ஒரு சுற்றை 2 நிமிடம் 8 விநாடியில் ஓடி, 2 நிமிடம் நடந்து, அதையே நான்கு முறை. மாலையில் கபடி ஆடுகிறவர், பள்ளிக்கு சைக்கிள் மிதிக்கிறவர் அவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். களைப்பு எந்த விளையாட்டிலிருந்து வந்தாலும் சுமப்பவை அதே கால்கள்தான்.

இனிச் சுமையைக் கூட்டுவது. உடல் ஒரு சுமையைத் தாங்கி, ஓய்வெடுக்கும்போது தன்னைச் சற்றுப் பலப்படுத்திக்கொள்கிறது. அதன்பின் அதே சுமையைத் தொடர்ந்தால் முன்னேற்றம் நின்றுவிடும். கூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். மெதுவான ஓட்டம் இரண்டாம் வாரம் 22 நிமிடம், மூன்றாம் வாரம் 24. நான்காம் வாரம் மறுபடி 20, உடல் ஆறுவதற்காக. அடுத்த மாதம் வேக நாளில் ஐந்து சுற்று. அது இலகுவான பிறகே சுற்றின் நேரத்தை 2 நிமிடம் 5 விநாடிக்குக் கொண்டுவரலாம். கடுமையைக் கடைசியில் கூட்டுவதே பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எலும்பு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பின்தங்கியே வரும். மூச்சு வாங்காததைப் பார்த்து மாணவர் நாட்களையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டி, மண் மைதானத்தை விட்டு மாலூர் தார்ச்சாலைக்கும் போய்விட்டால், மூன்று மாற்றங்களும் ஒன்றாகக் கணைக்கால் எலும்பில் இறங்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால், முந்தைய வாரத்தின் அளவுக்குத் திரும்பலாம். விரல் வைத்து அழுத்தும் ஒரே புள்ளியில் வலித்தாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

வலி வருமுன்னும் ஒரு தடயம் உண்டு. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி நோட்டில் எழுதி வரலாம். அது சில நாட்கள் தொடர்ந்து வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்து, தூக்கமும் கெட்டிருந்தால், அந்த வாரம் எதையும் கூட்டக் கூடாது.