விற்காதே என்பவரின் பங்கு

நமுனுகுல மலையடிவாரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பசறைக்குப் போகிற பாதையோரம், 10 பேர்ச் காணி, மூன்று அறை, பாதி கொங்கிரீட், பாதி தகரக்கூரை. அப்பா தோட்டத்தில் பெயர் வெட்டி வாங்கிய சேவைக்காலப் பணமும் ஊழியர் சேமலாப நிதியும் காணியானது. இளைய மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்து அனுப்பிய காசு சுவரானது. மூத்த மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். நடுமகள் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். "எடுத்தவர்" என்று சொல்லக் காரணம், அம்மாவுக்கு வாதம் அடித்து வலப்பக்கம் விழுந்ததிலிருந்து அவர் மலைக்குப் போகவில்லை. இந்தக் குடும்பம் கற்பனை. இதில் நடக்கிற சண்டை கற்பனை அல்ல.

அக்கா சொல்கிறார்: வீட்டை விற்போம், அம்மாவைப் பார்ப்போம். அண்ணன் சொல்கிறார்: அப்பா கட்டின வீடு, உயிர் போனாலும் விற்க விடமாட்டேன். குவைத்திலிருந்து தங்கச்சி, "நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்க" என்கிறார். ஊர் இந்தச் சண்டையை ஒரே வரியில் தீர்த்துவிடும்: அம்மா பெருசா, வீடு பெருசா? அப்படிக் கேட்டால் எவர்தான் வீடு என்பார்? கேள்வியே தவறு.

அண்ணன் பேச்சைப் பேராசை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் மலையகத்தில் சொந்தக் காணி என்பது மற்ற இடங்களில் இருப்பதுபோல் வெறும் சொத்து இல்லை. லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், கம்பனிகளிடம் 1992க்குப் பிறகு குத்தகையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒரே இஸ்தோப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த இஸ்தோப்பை விற்கவோ அடகு வைக்கவோ உரிமை கிடையாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அந்தப் பின்னணியில் தகப்பன் பெயரில் பதிவான ஓர் உறுதி, பிஸ்கட் டின்னில் பொலித்தீன் சுற்றி வைத்திருக்கும் அந்தத் தாள், லயத்திலிருந்து வெளியே வந்ததற்கான அத்தாட்சி. விற்றால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? வாடகை வீட்டுக்கா, யாராவது உறவினரின் காம்பராவுக்கா? அண்ணனின் அச்சத்துக்கு ஓர் அடித்தளம் இருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லயத்திலேயே இருப்பவர்களுக்கு இந்தச் சண்டை வருவதே இல்லை. அவர்களிடம் விற்க ஒன்றும் இல்லாததால் தோடு அடகுக்குப் போகும், பிறகு கடன், பிறகு மௌனம். ஆக இந்தச் சண்டையே ஒருபடி மேலே ஏறியவர்களின் சண்டை.

வீடு யாருடையது என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. யாழ்ப்பாணத்துத் தேசவழமை மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. இங்கே பொதுச் சட்டமும் 1876ஆம் ஆண்டின் வழியுரிமைக் கட்டளைச் சட்டமும்தான். உறுதி அம்மா பெயரில் இருந்திருந்தால் பேச்சே இல்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்கு அதில் இருப்பது எதிர்பார்ப்பு மட்டும், உரிமை அல்ல. இந்தக் குடும்பத்தில் உறுதி அப்பா பெயரில். அவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தார். அப்படியானால் பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, மகன் மகள் என்ற வேற்றுமை இல்லாமல், ஆளுக்கு ஆறில் ஒன்று. முழு வீட்டையும் விற்க நால்வரும் ஒப்பமிட வேண்டும். சொத்தின் பெறுமதியைப் பொறுத்து முதலில் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கும் தேவைப்படலாம். குவைத்தில் இருப்பவர் அங்குள்ள தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்ப வேண்டும். "வித்துட்டா அடுத்த மாசமே காசு" என்று அக்கா நினைத்திருந்தால் அது நடக்காது.

இந்த ஆறில் ஒன்று அறக் கணக்கைக் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. தன் பங்கை அம்மாவின் வைத்தியத்துக்கு விட மறுக்க அண்ணனுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. அம்மாவின் பாதியை அம்மாவுக்காகச் செலவிடுவதைத் தடுக்க அவருக்கு எந்த நியாயமும் இல்லை. அவர் "வீட்டை" என்று சொல்லும்போது தன் ஒரு பங்கைக் காட்டி அம்மாவின் மூன்று பங்கையும் சேர்த்துப் பூட்டுகிறார்.

சரி, செலவுதான் என்ன? வைத்தியச் செலவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கட்டிலுக்கும் மருந்துக்கும் காசில்லை. பாரிசவாதத்தில் முதல் சில நாட்களுக்குப் பிறகு வைத்தியம் சிறியது, பராமரிப்புதான் பெரியது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பெலும்புக்கு மேல் தோல் சிவக்கும். விரலால் அழுத்தி எடுத்தாலும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நிமிர்த்தி உட்கார வைத்துக் கஞ்சி கொடுக்காவிட்டால் புரை ஏறி நெஞ்சில் சளி கட்டும். இதையெல்லாம் இரவு பகலாகச் செய்கிற கைதான் உண்மையான செலவு. அந்தக் கைக்கு யாரும் பில் எழுதுவதில்லை.

எழுதிப் பார்ப்போம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளம் என்றும், மாதம் 20 நாள் வேலை என்றும் வைத்தால் அக்கா இழப்பது 27,000 ரூபா. அவர் பெயரில் தோட்டம் கட்டியிருக்கும் சேமலாப நிதியையும் சேவைக்காலத்தையும் இதில் சேர்க்கவில்லை. பெம்பஸ் நாளுக்கு மூன்று, ஒன்று 150 ரூபா என்றால் 13,500. கிளினிக்குக்குப் போக வரத் திரீவீலர், ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்து, பால்மா என்று 12,000 போடுவோம். ஆக 52,500. மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 17,500. அக்கா ஏற்கெனவே 27,000 ரூபாவைத் தன் உடம்பால் கட்டிவிட்டார். அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கு 17,500 அனுப்பினால் கைக்காசுச் செலவு 25,500 போக மீதி 9,500 அக்காவுக்குப் போய்ச் சேரும். அப்போதுதான் மூவரும் சமம்.

இப்போது விற்பனையைப் பார்ப்போம். வீடு 60 இலட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் பாதி 30 இலட்சம். அதே 52,500 செலவோடு வாடகை 15,000 சேர்ந்தால் மாதம் 67,500. விலைவாசி ஏறாது, வட்டி வராது என்று வைத்தால் 44 மாதத்தில் காசு முடியும். அம்மா ஐந்து வருடம் இருந்தால்? கூரையும் இல்லை, காசும் இல்லை. விற்பது பாசம், விற்காதது கல்நெஞ்சு என்ற ஊர்ப் பேச்சு இந்த எண்களைப் பார்த்ததில்லை.

இவ்வளவு பார்த்தபின் தீர்ப்புச் சொல்லலாம். விற்காதே என்று சொல்ல அண்ணனுக்கு உரிமை உண்டு, ஆனால் அந்தச் சொல்லுக்கு மாதம் 17,500 ரூபா விலை இருக்கிறது. அதைக் கட்டாமல் "அப்பா கட்டின வீடு" என்று பேசுவது அப்பாவின் மானத்தை அக்காவின் கூலியில் காப்பாற்றுவது. கட்ட முடியாத நிலை இருந்தால், கடைச் சம்பளத்தில் அது நடக்கக்கூடியதுதான், அவர் தன் ஆறிலொரு பங்கை அக்காவுக்கு நொத்தாரிசு முன் எழுதிக் கொடுக்கலாம். இரண்டும் முடியாது என்றால் அவருடைய மறுப்புக்கு மதிப்பில்லை. அக்காவுக்கும் ஒரு கடமை உண்டு. பதுளையில் இலவசமாகக் கிடைப்பதைக் கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரியில் காசு கொடுத்து வாங்குவதற்காக வீட்டை விற்கக் கூடாது. செலவுக் கொப்பி ஒன்றும் வைத்திருக்க வேண்டும்.

அவசரத்தில் செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. "சும்மா என் பேருக்கு எழுதிக் கொடுங்க, காசு தந்ததும் திருப்பி எழுதித் தாறேன்" என்று ஒருவர் வருவார். 1840ஆம் ஆண்டிலிருந்தே இந்த நாட்டில் காணிப் பேச்சு, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் செல்லாது. எழுதிக் கொடுத்தது செல்லும், வாயால் சொன்னது செல்லாது. திரும்பப் பெற வழக்குப் போடலாம், ஆனால் அம்மாவுக்கு அவ்வளவு காலம் இருக்காது.

இத்தனையிலும் யாரும் அம்மாவிடம் கேட்கவில்லை. "அதுக்கு இப்ப என்ன தெரியும்" என்கிறார்கள். வாதத்தில் பேச்சுப் போனவர் விளக்கத்தையும் இழந்தவர் என்று கொள்ளக் கூடாது. வாய் திறக்க முடியாமல், சொல்வதெல்லாம் புரிந்தபடி கிடக்கிறவர் எத்தனையோ பேர். மறுபக்கம், எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவரும் உண்டு. அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று பிடித்து, இடக்கைப் பெருவிரலை மையில் அமுக்கினால் அது களவு. சோதிக்க வழி இருக்கிறது. காலையில், களைப்பில்லாத நேரத்தில், பிள்ளைகள் அறையை விட்டுப் போனபின் ஒருவர் கேட்க வேண்டும்: "இது நுவரெலியாவாம்மா?" அதற்கும் தலையாட்டினால் அன்று எந்தப் பத்திரமும் வேண்டாம். இல்லை என்று கண்ணாலோ கையாலோ காட்டினால் அடுத்துக் கேட்கலாம், வீட்டை விற்கவா என்று. பிறகு திருப்பி, வீட்டை வைத்துக்கொள்ளவா என்று. இரண்டு நாள் கழித்து மறுபடியும். விளக்கம் உண்மையாகவே போயிருந்தால் பிள்ளைகளின் ஒப்பம் அம்மாவின் ஒப்பம் ஆகாது. நீதிமன்றம்தான் ஒருவரை நியமிக்க வேண்டும்.

அவர் "விற்காதே" என்று காட்டினாலும் பிரச்சினை முடிவதில்லை. தனக்கென்று ஒரு நாளும் ஒன்றும் கேட்காமல் வாழ்ந்த பெண், பிள்ளைகளுக்கு இருக்கட்டும் என்றுதான் சொல்வார். அந்த மறுப்பை அண்ணன் கொடியாகப் பிடிப்பதில் ஒரு சூது இருக்கிறது. அம்மாவிடம் வீட்டைப் பற்றி மட்டும் கேட்காமல் அக்காவைப் பற்றியும் கேட்க வேண்டும்: இவ வேலைக்குப் போகாம உங்களைப் பாக்குறா, இவளுக்கு யாரு குடுக்குறது?

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கைவிடப்பட்ட தாய் பராமரிப்புச் சபையில் முறையிட்டு மாதக் காசு வாங்கலாம். ஆனால் எந்தத் தாய் மகன்மேல் மனுக் கொடுப்பார்? அதனால் ஒப்பந்தத்தை மூவரும் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதுவது நல்லது. மாதத்தின் 10ஆம் திகதிக்குள் 17,500. இரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால், அம்மாவும் சம்மதித்தால், விற்பதற்கு அனுப்பாதவர் குறுக்கே நிற்கமாட்டார். அம்மாவின் காலத்துக்குப் பிறகு, அக்கா பார்த்த மாதங்களில் அவருக்குச் சேராமல் போன தொகை முதலில் கழிக்கப்படும், பிறகுதான் பங்கு. இந்தத் தாளால் காணி கைமாறாது. ஆனால் நாளைக்குப் பங்கு பேச உட்காரும்போது, பிஸ்கட் டின்னில் உறுதியோடு இதுவும் இருக்கும்.