கேள்வி முந்தியது, நூல் பிந்தியது

தொழில் சம்பந்தமான நூல்களை வாங்குகிறவர்களில் அநேகர், ஊர் புகழும் நூலையே நாடிச் சென்று வாங்கி, மனத்தைக் கவர்ந்த வாக்கியங்களின் கீழெல்லாம் பென்சிலால் கோடிட்டு, கடைசிப் பக்கம் முடிந்ததும் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அவர்களுடைய தொழிலோ முன்பு இருந்தபடியே இருக்கிறது. இதற்குக் காரணம் சோம்பல் அன்று என்பது என் அபிப்பிராயம். கேள்வி பிறக்குமுன்பே விடையை வாங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அச்சகம் நடத்தும் என் நண்பர் ஒருவர், ஜனவரி மாதப் புத்தகக் காட்சிக்கு முந்திய வாரங்களில் இரவு பகலாக அச்சு ஓடியும் புத்தகங்கள் குறித்த தேதியில் வெளியேறாததைக் கண்டு, 'அச்சான பாரங்கள் பைண்டிங்கில் ஏன் தேங்குகின்றன?' என்று ஒரு வரி எழுதிவைத்தார். அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டே கடையில் நிர்வாக நூல்களின் பொருளடக்கத்தைப் புரட்டி, தேக்கத்தைப் பற்றிப் பேசாதவற்றை ஒதுக்கி, எலியாஹு கோல்ட்ராட்டும் ஜெஃப் காக்ஸும் 1984-இல் வெளியிட்ட 'தி கோல்' என்ற நூலை எடுத்துவந்தார். ஒரு தொழிற்சாலையின் கதையாக அமைந்த அந்நூலின் சாரம், எல்லா இயந்திரங்களையும் ஓயாமல் ஓட்டுவதால் உற்பத்தி பெருகாது, வேலை தேங்கும் அந்த ஓர் இடமே எல்லாவற்றின் வேகத்தையும் நிர்ணயிக்கிறது என்பது. ஆகவே பழுதான சரக்கை அவ்விடத்துக்கு வருமுன்பே விலக்கிவிடச் சொல்கிறது.

இதைப் படிக்கும் சாமானிய வாசகர் 'தேக்கத்தைக் கவனிக்க வேண்டும்' என்று குறித்திருப்பார். செய்பவர் யார், என்றைக்கு என்று சொல்லாத அத்தகைய குறிப்பு எழுதிய அன்றே மரித்துவிடுகிறது. நண்பரோ, பக்க எண்ணையும் ஆசிரியரின் கருத்தைத் தம் சொற்களிலும் எழுதி, அதன் கீழே, தைத்த பிறகு கழிபடும் பிரதிகளை ஃபோர்மன் முதல் வாரம் எதையும் மாற்றாமல் எண்ணிவருவது என்றும், அடுத்த திங்கள் முதல் மை படிந்த பாரங்களையும் மடிப்புக் கோணிய பாரங்களையும் மடிப்பு மேஜையிலேயே கழித்து, எண்ணிக்கையைத் தொடர்வது என்றும் எழுதினார். மாற்றத்துக்கு முந்திய கணக்கு இல்லாவிடில் பிந்திய கணக்கு எதையும் நிரூபிக்காது என்பதை அவர் அறிவார். ஒரு பாரம் பழுதானால் தைத்த பிரதி முழுவதும் வீணாவதோடு, தையல் மிஷினின் நேரமும் திரும்பி வராதல்லவா? இக்குறிப்பை அவர் வாசிப்பு நோட்டில் விட்டுவைக்காமல், தினந்தோறும் எல்லோரும் பார்க்கும் வேலைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டதுதான் எனக்கு விசேஷமாகப் பட்டது.

கழிபடும் பிரதிகள் குறைந்தன. தேக்கம் மறையாமல் கட்டிங் மிஷினுக்கு இடம் மாறியது. நூலும் இதை எதிர்பார்த்து, தடை நகர்ந்தால் மறுபடியும் தேடச் சொல்கிறது. ஆர்டரே வராத மாதங்களில் தடை அச்சகத்துக்கு வெளியே இருப்பதால், அப்போது இந்த உபாயம் பயன்படாது என்பதையும் அவர் ஓரத்தில் குறித்திருக்கிறார். கட்டிங் மிஷினின் கணக்கு இன்னும் முடியாததால், அடுத்த நூலை அவர் வாங்கவில்லை.