யூஜெனியின் கையெழுத்து

பால்சாக்கின் 'யூஜெனி கிராந்தே' நாவலைப் படித்தவர்களிடம் எந்தக் காட்சி மனதில் நிற்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பொற்காசுகளைத்தான் சொல்வார்கள். 1820ஆம் ஆண்டின் முதல் நாள். பிறந்தநாளுக்கும் பெயர்நாளுக்கும் தான் கொடுத்துவந்த அரிய காசுகளை எடுத்துவரச் சொல்கிறார் தந்தை. காசுகள் இல்லை. யாருக்குக் கொடுத்தாய் என்கிறார். மகள் வாய் திறப்பதில்லை. அவளை அறைக்குள் அடைத்து ரொட்டியும் தண்ணீரும் மட்டும் தரச்சொல்கிறார். உலக இலக்கியத்தின் கஞ்சர்கள் வரிசையில் கிராந்தேவுக்கு இடம் கிடைத்தது இப்படிப்பட்ட காட்சிகளால்தான்.

என்னை உறுத்துவது இன்னொரு காட்சி. அதில் கூச்சலே கிடையாது. தாயை அடக்கம் செய்த பிறகு ஒருநாள், இரவு உணவு முடிந்ததும், தந்தை மகளிடம் மிகக் கனிவாகப் பேசுகிறார். பக்கத்தில் நோட்டரி குருஷோ இருக்கிறார். மேசைமேல் ஒரு பத்திரம். யூஜெனி கையெழுத்துப் போடுகிறாள். சில பக்கங்களில் முடிந்துவிடும் இந்தக் காட்சியில் கைமாறுவதற்குப் பக்கத்தில் அந்தக் காசுகள் ஒன்றுமே இல்லை.

கஞ்சத்தனத்தை ஒரு மனிதனின் குணம் என்று பார்த்தால் இந்தக் காட்சி புரியாது. சொத்து எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். 1789இல் கிராந்தே சோமூர் நகரத்தில் ஓரளவு வசதியான பீப்பாய்த் தொழிலாளி. பணக்கார மரவியாபாரியின் மகளை மணக்கிறார். புரட்சி அரசு திருச்சபையின் நிலங்களைப் பறிமுதல் செய்து ஏலத்துக்கு விட்டபோது, கையிருப்பையும் மனைவியின் சீதனத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார். ஏலத்தை நடத்திய குடியரசுவாதிக்கு மாமனார் பணத்தில் ஒரு 'அன்பளிப்பு' போகிறது. அந்த வட்டாரத்தின் சிறந்த திராட்சைத் தோட்டங்களும் ஒரு பழைய மடமும் சில பண்ணைகளும் ரொட்டித்துண்டு விலைக்கு வந்து சேர்கின்றன. பால்சாக் முடியாட்சியின் பக்கம் நின்றவர். இருந்தும், புரட்சிக்குப் பின் சொத்து கைமாறிய கதையை அக்காலத்துப் பொருளியலாளர்களிடம் கற்றதைவிட இவரிடம் அதிகம் கற்றேன் என்று 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் சொன்னது இதனால்தான்.

அந்தச் சொத்தின் அடித்தளத்தில் ஒரு பெண்ணின் பணம் கிடக்கிறது. சீதனமாகவும் பின்னால் வாரிசுரிமையாகவும் கிராந்தே சீமாட்டி கொண்டுவந்தது 3 லட்சம் பிராங்குக்கு மேல். கைச்செலவுக்கு அவளுக்குக் கிடைப்பது ஒரு தடவைக்கு 6 பிராங்குக்கு மேல் இல்லை. திராட்சைமது வாங்க வரும் வியாபாரிகளிடமிருந்து அவளுக்கென்று கொஞ்சம் வாங்கித் தருவார். பிறகு அதையே சில்லறை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுத் திரும்ப வாங்கிவிடுவார். குருஷோ நீட்டிய பத்திரங்களில் அவளும் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்திட்டு வந்தவள்தான். அதே வீட்டில் வருடத்துக்கு 60 லிவ்ர் கூலிக்கு வேலைக்குச் சேர்ந்த நானோன், சமையல், துவையல், சுமை என்று 35 வருடங்கள் எல்லாம் செய்திருக்கிறாள். ஒருத்தியின் சீதனமும் இன்னொருத்தியின் உழைப்பும் 'கிராந்தேவின் சாமர்த்தியம்' என்ற பெயரில் ஊரில் உலவுகின்றன.

இனி சட்டத்துக்கு வருவோம். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு கொடுத்தது. தம்பதியின் பொதுச்சொத்தை நிர்வகிப்பவன் கணவன் மட்டுமே. ஆனால் மனைவி இறந்துவிட்டால் அவளுடைய பாதி, பிள்ளைகளுக்குப் போகும். உயிரோடு இருக்கும்வரை 6 பிராங்குக்குக் கையேந்தியவள், செத்ததும் பாதிச் சொத்துக்காரி ஆகிவிடுகிறாள்! மகள் கணக்குக் கேட்டால் ஒவ்வொரு தோட்டத்தையும் மதிப்பிட வேண்டும், பங்கு பிரிக்க வேண்டும், தேவைப்பட்டால் விற்கவும் வேண்டும். மனைவி படுத்த படுக்கையானபோது குருஷோ இதை எடுத்துச் சொல்கிறார். அடைத்துவைத்த மகளிடம் கிராந்தே சமாதானமாகப் போவது அதற்குப் பிறகுதான். அந்தப் பாசம் முழுக்க நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். சொத்துக்கு ஆபத்து வரும்போது பிறக்கும் பாசமும் பாசம் மாதிரியே இருக்கும், அதுதான் சங்கடம்.

1822 அக்டோபரில் தாய் இறக்கிறாள். பத்திரத்தின்படி யூஜெனி தாய்வழிப் பங்கைக் கேட்கமாட்டாள். முழுச் சொத்தையும் ஆளும் அனுபவ உரிமை தந்தைக்கு. அவளுக்கு மிஞ்சுவது பெயரளவு உடைமை. பங்குப் பிரிவினை இல்லாததால் சொத்துப் பட்டியலும் இல்லை. எவ்வளவு இருக்கிறது என்ற எண் அவள் காதுக்கே எட்டாது. இங்கே பால்சாக் ஒரு நுட்பம் செய்கிறார். நோட்டரி எச்சரிக்கிறார்: நீங்கள் உங்களை நீங்களே வெறுங்கையாக்கிக்கொள்கிறீர்கள், இதைச் சொல்வது என் கடமை என்ற பொருளில். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை, கையெழுத்திடும் இடத்தை மட்டும் கேட்கிறாள். ஆகவே யாரும் அவளை ஏமாற்றவில்லை. திருமணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் ஒப்பந்தம் செய்ய முடியாத காலம் அது. மணமாகாத, வயதுவந்த யூஜெனிக்கு முழுச் சட்டத் தகுதி உண்டு. அந்தத் தகுதியை அவள் முதன்முதலாகப் பயன்படுத்துவது உரிமையைக் கைவிடுவதற்கு.

இதைத் தாராளம் என்று சொல்லலாமா? தொழிலாளியும் முதலாளியும் சட்டத்தின்முன் சுதந்திரமான இருவராகச் சந்தித்து ஒப்பந்தம் செய்வதை மார்க்ஸ் எள்ளலோடு விவரிப்பார். கட்டாயம் ஒப்பந்தத்துக்கு வெளியே, அது தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும். யூஜெனிக்குக் கணக்கு யாரும் கற்றுத்தரவில்லை. தாய் கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை. மறுத்தால் போவதற்கு அந்த வீட்டைத் தவிர வேறு இடமில்லை. அளவு தெரியாத ஒன்றைக் கொடுப்பது எப்படிக் கொடையாகும்? வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது 'அனுபவ உரிமை'யை விளக்கச் சிரமப்பட்டதே இல்லை. விடுதலைப் பத்திரம் என்று சொன்னால் போதும். 1989இலேயே மகளுக்குச் சமபங்கு தந்த மாநிலத்தில், தம்பிக்கோ அண்ணனுக்கோ எழுதிக்கொடுத்த தாயையோ அத்தையையோ தெரியாத மாணவிகள் குறைவு. "அம்மா சந்தோஷமாத்தான் மேடம் போட்டாங்க" என்று ஒருத்தி சொன்னாள். அந்தச் சந்தோஷத்தை நான் சந்தேகப்படவில்லை. யூஜெனியும் அழுதுகொண்டு கையெழுத்திடவில்லை.

பொற்காசுகள் என்ன ஆயின என்பதையும் பார்த்துவிடலாம். அவற்றின் மதிப்பு ஏறக்குறைய 6,000 பிராங்க். தந்தை திவாலாகித் தற்கொலை செய்துகொண்டதால் அநாதையாக நின்ற சித்தப்பா மகன் ஷார்லுக்கு அவள் காதலோடு கொடுத்தது. வீட்டுக்குள் அது வெறும் சேமிப்பு, பார்த்து மகிழ்வதற்கான உலோகம். கப்பல் ஏறியதும் மூலதனமாகிறது. மனிதர்களை விற்பதுதான் லாபம் என்று ஷார்ல் விரைவில் கண்டுகொள்கிறான். அடிமை வியாபாரமும் வட்டித்தொழிலும் செய்து 19 லட்சம் பிராங்குடன் திரும்புகிறான். பட்டம் தேடி ஒரு பிரபுவின் மகளை மணக்கப்போவதாக யூஜெனிக்குக் கடிதம் எழுதுகிறான். கூடவே 8,000 பிராங்குக்கு ஒரு காசோலை. அசலும் வட்டியும்! அவள் கொடுத்தது பரிசு. அவன் அதைக் கடனாக மாற்றி அடைத்துவிடுகிறான். நாவலிலேயே எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது அந்தத் தொகைதான். வட்டி தராமல் விட்டிருந்தால்கூட அவனை வெறும் துரோகி என்று மறந்திருக்கலாம்.

பால்சாக் இவளைத் தேவதையாக்கப் பார்க்கிறார். விமர்சகர்கள் பலரும் பின்னாலேயே போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கையெழுத்துக்கு ஈடாக மாதம் 100 பிராங்க் தருவதாகச் சொன்ன தந்தை, ஒரு வருடம் முடியும்வரை ஒரு காசும் தரவில்லை. 1827 இறுதியில் அவர் சாகும்போது அவளிடம் வந்துசேர்வது 170 லட்சம் பிராங்க் அளவிலான சொத்து. சாகுமுன் தன் கணக்குவழக்குகளை அவளுக்குப் பழக்கிவிட்டுத்தான் போகிறார், மறுமையில் கணக்குக் கேட்பேன் என்றும் சொல்லிவிட்டு. நானோனுக்கு அவள் வாழ்நாள் ஓய்வுத்தொகை எழுதிவைக்கிறாள், அந்தப் பலத்தில் நானோன் அறுபதை நெருங்கும் வயதில் கல்யாணமே செய்துகொள்கிறாள். யூஜெனியும் பெயரளவுக்கு ஒரு நீதிபதியை மணந்து விரைவில் விதவையாகிறாள். வருடத்துக்கு 8 லட்சம் வருமானம். அந்த வீட்டில் கணப்பு மூட்டுவது மட்டும், முன்பு தந்தை அனுமதித்த தேதிகளில்தான்.