ஒன்பது ரூபாய் ஐம்பது காசு

சாமையின் விலை ஐப்பசியில் முடிவாகிவிடுகிறது. ஜவ்வாது மலையில் ஆனி, ஆடி மழைக்கு விதைத்ததைப் புரட்டாசி, ஐப்பசியில் அறுத்து, களத்தில் அடித்துக் காயவைத்து மூட்டை கட்டுகிறார்கள். அந்த மூட்டை மலையிறங்கும் வழிகளில் ஒன்று ஆலங்காயம். காவலூர் வானாய்வு மையத்துக்குப் போகும் அதே மலைச்சாலைதான். அடிவாரத்தில் நின்று மூட்டையை வாங்கி, ஆலையில் அரைத்து, அரிசியாக வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புவது என் தொழில். வாங்கும்போது விவசாயி கையில் பணம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் கைமாறிய பிறகு நான் கேட்கும் விலையில் அசையக்கூடியது மிகக் கொஞ்சம்.

வாங்குகிறவருக்கு இது தெரிய வழியில்லை. அவருடைய நெருக்கடி வேறொரு மாதத்தில் வருகிறது. சென்னையில் சிறுதானியக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் சில ஆண்டுகளாக மாதம் 200 கிலோ என்னிடம் எடுக்கிறார். 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி இந்த வியாபாரத்துக்குப் பலர் வந்தார்கள். அவர் தெருவிலும் போட்டி வந்தது. மாசி மாத ஆர்டரோடு ஒரு வரி சேர்த்திருந்தார். பத்து சதவீதம் குறைத்துத் தர முடியுமா, இத்தனை நாள் பழக்கம் இருக்கிறதே என்று. மிரட்டல் இல்லை, பேரமும் இல்லை. நியாயமான கேள்வி. அதனால்தான் பதில் எழுதுவது கடினமாக இருந்தது. முரட்டுத்தனமாகக் கேட்பவருக்கு மறுப்புச் சொல்வது எளிது. நம் முகத்தை நம்பிக் கேட்பவருக்கு எப்படி இல்லை என்பது?

முதலில் நோட்டை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். எண்களை முழுதாக்கிச் சொல்கிறேன். சாமை கிலோ 40 ரூபாய் என்றால் 100 கிலோ 4,000. மலையிலிருந்து இறக்கும் கூலி 200. சுத்தம் செய்ய, கல் நீக்க, உமி நீக்க, கடைசியாக ஆள்வைத்துப் பொறுக்க எல்லாமாக 700. சாக்கு, தையல், லாரி ஆபீஸ் வரை கொண்டுசேர்க்க 200. ஆக 5,100. சாமை மணி சிறிது, உமி அதிகம். உமியும் தூசியும் நொய்யும் கழிந்து நூறு கிலோவுக்கு ஏறக்குறைய 60 கிலோ முழு அரிசிதான் தேறுகிறது. ஆகவே ஒரு கிலோ அரிசி எனக்கு 85 ரூபாயில் நிற்கிறது. அக்காவுக்கு விற்பது 95.

பத்து சதவீதம் என்பது காதில் சிறிதாக விழுகிறது. கிலோவுக்கு அது 9 ரூபாய் 50 காசு. என்னிடம் மிஞ்சுவது பத்து ரூபாய். கொடுத்துவிட்டால் ஐம்பது காசு நிற்கும். பழைய லாபம் வேண்டுமென்றால் 200 கிலோ விற்ற இடத்தில் 4,000 கிலோ விற்க வேண்டும். ஆர்டரை இரண்டு மடங்காக்குகிறேன் என்று யாராவது சொன்னால்கூட இந்தப் பள்ளம் மூடாது.

நான் இழக்கத் தயாராக இல்லையென்றால் வேறு யாரோ இழக்க வேண்டும். அந்தக் கணக்கையும் போட்டேன். நூறு கிலோ சாமையிலிருந்து வரும் 60 கிலோ அரிசிக்கு 570 ரூபாய் தள்ளுபடி. அதை அப்படியே அடுத்த ஐப்பசியில் மலைக்கு ஏற்றினால் விவசாயியிடம் 40 ரூபாய்க்கு வாங்கியதை 34 ரூபாய் 30 காசுக்குக் கேட்க வேண்டும். சென்னையில் பத்து சதவீதமாக இருந்தது மலையில் பதினான்கு சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. மானாவாரி நிலத்தில் மழையை மட்டும் நம்பி விதைத்தவர் அவர். எங்கள் இரண்டு பேரின் மின்னஞ்சலில் அவர் பெயர் எங்கும் இல்லை. இல்லாதவரிடம் எடுப்பதுதான் எப்போதும் எளிது. இதை நினைத்த பிறகு மறுப்பதா வேண்டாமா என்ற கேள்வி எனக்கு இல்லை. எப்படிச் சொல்வது என்பது மட்டும் மிஞ்சியது.

இன்னொரு வழியும் இந்தத் தொழிலில் உண்டு. சொல்லாமல் விடக் கூடாது. விலையைக் குறைத்துவிட்டு அரிசியிலேயே அதை எடுத்துக்கொள்வது. கடைசிப் பொறுக்கலை நிறுத்தினால் கூலி மிச்சம். சலித்து ஒதுக்கிய நொய்யைத் திரும்பக் கலந்தால் எடை ஏறும். இது முதல் மூட்டையில் தெரியாது. ஒரு கைப்பிடி அரிசியை வெள்ளைத் தட்டில் பரப்பினால் தெரியும்: உமி நீங்காத மணிகள் பளபளவென்று தனியாக நிற்கும். தண்ணீரில் போட்டு அலசினால் அந்த மணிகள் மேலே வரும், கல் அடியில் தங்கும். நொய் கலந்திருந்தால் சோறு உதிராமல் களிபோல் குழையும். வாடிக்கையாளர் அதைச் சமைத்துப் பார்த்துவிட்டுக் கடையில் எதுவும் சொல்ல மாட்டார். அடுத்த மாதம் வர மாட்டார். அக்கா கேட்டதற்குச் சரி என்று சிரித்தபடி அவருடைய கடையை அரிப்பது அது. வெளிப்படையான மறுப்பைவிட எவ்வளவோ கொடியது.

பதிலைத் தள்ளிப்போடுவதும் ஏறக்குறைய அந்த வகைதான். நேரில் என்றால் பரவாயில்லை. எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே "பார்க்கலாம்" என்றால், முகத்திலேயே பாதிப் பதில் இருக்கும். மின்னஞ்சலில் முகம் இல்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்று எழுதினால் அவர் அதை நம்பிக்கையாகவே படிப்பார். அதை வைத்துத் தன் கடையில் விலைச்சீட்டு எழுதிவிடக்கூடும். பிறகு வரும் மறுப்பு விலையைப் பற்றியதாக இருக்காது, சொன்ன சொல்லைப் பற்றியதாகிவிடும். ஆகவே அன்று மாலையே எழுதினேன்.

*பொருள்: சாமை அரிசி, மாசி ஆர்டரும் விலையும்*

*வணக்கம் அக்கா,*

*200 கிலோ ஆர்டர் கிடைத்தது. வியாழக்கிழமை லாரியில் ஏற்றிவிடுகிறேன்.*

*விலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 95 ரூபாயிலிருந்து இந்தப் பருவத்தில் என்னால் குறைக்க முடியவில்லை. ஐப்பசியில் மலையில் வாங்கிய விலை, அரைத்தால் தேறும் அளவு இரண்டையும் சேர்த்தால் எனக்கே கிலோ 85 ரூபாய் ஆகிறது. பத்து சதவீதம் குறைத்தால் அடுத்த அறுப்பில் விவசாயிகளிடம் கிலோவுக்கு ஐந்தரை ரூபாய்க்கு மேல் குறைத்துக் கேட்க வேண்டி வரும். அது என்னால் முடியாது.*

*என்னால் உண்மையாகவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இப்போது சரக்கு வந்து ஒன்றரை மாதம் கழித்துப் பணம் அனுப்புகிறீர்கள். ஏற்றும் அன்றே அனுப்பினால் நான் கட்டும் வட்டி மிச்சமாகும். அதில் கிலோவுக்கு 2 ரூபாய் உங்களுக்குக் கழித்து 93-க்குப் போடுகிறேன். வசதிப்பட்டால் மட்டும். இல்லையென்றால் வழக்கம் போலவே தொடரலாம், எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.*

*ஐப்பசி வரை 95-ஐ நான் ஏற்ற மாட்டேன். புரட்டாசியில், மலையில் விலை பேசுவதற்கு முன்னால் உங்களை அழைக்கிறேன். உங்கள் கடைக்கு எந்த விலை தாங்கும் என்று அப்போது சொல்லுங்கள். அதை மனதில் வைத்து வாங்குகிறேன்.*

*போன மாத அரிசியில் கல் இருந்ததா என்று தெரியப்படுத்துங்கள்.*

கடிதத்தில் முதலில் ஆர்டர் வருகிறது. விலை குறையாவிட்டால் சரக்கும் வராதோ என்ற பயம் கேட்டவருக்கு இருக்கும். அது நீங்கினால்தான் அடுத்த வரியைச் சமநிலையோடு படிப்பார். மறுப்பு இரண்டாவது பத்தியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. நான்கு வரி நலம் விசாரித்துவிட்டு "ஆனால்" என்று திரும்பியிருந்தால், அந்த நான்கு வரியும் பொய்யாகத் தோன்றும். மன்னிப்பு ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நான் தவறு செய்யவில்லை. அவரும் தவறாகக் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டால், தகாததைக் கேட்டுவிட்டோமோ என்று அவர் கூச வேண்டியிருக்கும்.

85 ரூபாயைச் சொல்லலாமா என்று தயங்கினேன். அடக்கவிலையை வாங்குபவரிடம் சொல்லக் கூடாது என்பது வியாபாரப் பாடம். புதிதாக வருகிறவரிடம் நானும் சொல்ல மாட்டேன். ஆனால் பழகிய ஒருவருக்குக் காரணம் சொல்லாத மறுப்பு அவமதிப்பாகத்தான் படும். ஒரே ஒரு எண், அதுவும் உண்மையான எண், போதும். என் முழுக் கணக்கையும் கொட்டியிருந்தால் அது வாதாடுவதாகிவிடும். அவரும் பதிலுக்குத் தன் கடை வாடகையைக் கணக்கெழுத வேண்டியதுதான்.

இரண்டு ரூபாயைத் தள்ளுபடியாகக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கம் நூற்றுக்கு இரண்டு வட்டி. 85 ரூபாய் ஒன்றரை மாதம் வெளியே நின்றால் ஏறக்குறைய இரண்டரை ரூபாய் கரைகிறது. அவர் அதை மிச்சப்படுத்தித் தந்தால் பெரும்பங்கு அவருடையது. வேறொரு சலுகையையும் யோசித்தேன்: இரண்டு மாதச் சரக்கை ஒரே முறையில் எடுத்தால் லாரி வாடகை குறையும். அதை எழுதவில்லை. தவிட்டோடு இருக்கும் சாமை அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் இரண்டு மூன்று மாதத்தில் காறல் வாடை அடித்துவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். உமியோடு இருக்கும்வரைதான் சாமை நெடுநாள் தாங்கும். வாடகையில் கிடைக்கும் லாபத்தை அவர் தலையில் பழைய சரக்காகக் கட்டுவது சலுகை ஆகாது.

மலைத்தேன் ஒரு பாட்டில் சேர்த்து அனுப்பலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அன்பான யோசனைதான். ஆனால் மறுப்போடு ஒட்டி வரும் பரிசு, வாயை மூட வைப்பது போல இருக்கும். தேன் பொங்கலுக்குப் போகட்டும், காரணமே இல்லாமல்.

மறுநாள் அக்கா பதில் எழுதினார். முன்பணம் இப்போதைக்கு முடியாது, இந்த மாதம் 120 கிலோ போதும், மீதியை விலை குறைந்த ஓரிடத்தில் எடுத்துப் பார்க்கிறேன் என்று. எண்பது கிலோ போனது எனக்கு வலித்தது. ஆனால் அவர் அதை மறைக்காமல் எழுதினார். நான் மழுப்பியிருந்தால் அவரும் மழுப்பியிருப்பார். அந்த இன்னொரு அரிசியைப் பற்றி நான் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை, குறையும் சொல்லவில்லை. வியாழக்கிழமை 120 கிலோ ஏறியது. கடைசிப் பொறுக்கல் வழக்கம் போலவே நடந்தது. போன மாத அரிசியில் கல் இல்லை என்று பதிலில் எழுதியிருந்தார். மூன்றாவது மூட்டையில் மட்டும் உமி நீங்காத மணிகள் கொஞ்சம் அதிகம் என்றும் சொன்னார். ஆலைக்காரரிடம் அதைப் பேசியிருக்கிறேன். புரட்டாசியில் அவரை அழைப்பதை நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன்; அதற்குப் பிறகுதான் மலையேறுவேன்.