பெயரை மறைத்துப் பார்த்தால்

அரையாண்டு ரேங்க் கார்டுகளை எழுதி முடித்துவிட்டு, பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தேன். எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. 'நன்று', 'மிக நன்று', 'முயற்சி தேவை'. கையை எடுத்தபோதுதான் உறைத்தது: 'முயற்சி தேவை' பெரும்பாலும் சேரிப் பிள்ளைகளுக்கு. நானும் சேரியில் பிறந்தவன்தான்.

அதில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளுடைய கணக்கு நோட்டைத் திரும்பப் புரட்டினேன். 52 - 17 = 45 என்று போட்டிருந்தாள். 41 - 16 = 35. எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். கடன் வாங்க வேண்டாத கணக்கெல்லாம் சரி. முயற்சியில் என்ன குறை? கடன் வாங்குவதை நான்தான் புரியவைக்கவில்லை. என் குறையை அவள் தலையில் கட்டியிருக்கிறேன்.

அடித்துவிட்டு எழுதினேன்: 'கடன் வாங்காத கழித்தல் தவறாமல் வருகிறது. கடன் வாங்கும் கணக்கைப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்துப் பழக்க வேண்டும்; ஜனவரியில் பழக்குவேன்.'

குறிப்பாக எழுதிவிட்டால் போதுமா? 'வீட்டில் கவனிப்பு இல்லை' என்பதும் குறிப்பானதுதான். ஆனால் அந்த வீட்டை நான் பார்த்ததில்லை. நோட்டில் கண்டதை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். 'நன்று' வாங்கிய பிள்ளைகளுக்கும் அதே விதி. பார்க்காமல் பாராட்டுவதும் புறக்கணிப்புதான்.

கைநாட்டு வைக்க வந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்ப எம்மவ மக்கு இல்லியா சார்?"