உதிர்ந்த உப்பு

ஆச்சியின் அடுக்களையைப் பற்றிக் கவிதை எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பவை அம்மி, உரல், விறகடுப்பு, மண்சட்டி. பிறகு அன்பு வரும், கைமணம் வரும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த வரிகளை அடுத்த தெருப் பாட்டியின் அடுக்களையில் கொண்டுபோய் வைத்தாலும் அப்படியே பொருந்திவிடும். அப்படிப் பொருந்துகிற வரியில் என் ஆச்சி இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

குறுந்தொகையின் 167ஆம் பாட்டு ஒரு சமையலைப் பற்றியது. பாடியவர் கூடலூர் கிழார். புதிதாக மணமானவள் புளிக்குழம்பு வைக்கிறாள். தயிர் பிசைந்த விரல், துவைக்காமல் உடுத்திய துணி, தாளிப்புப் புகை ஏறிய கண், கணவன் உண்டு நன்றாயிருக்கிறது என்றதும் அவள் முகத்தில் லேசாகத் தெரியும் மகிழ்ச்சி. அன்பு என்ற சொல்லே அதில் கிடையாது. அழுக்குத் துணி இருக்கிறது. அதனால்தான் அந்தச் சமையலை நம்புகிறோம்.

என் நினைவிலிருந்து ஒரு பொழுதை எடுத்துப் பார்க்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம், அமாவாசைக் காலை. பெரிய அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. பக்கத்துக் கொடியடுப்பில் வாழைக்காய்க் கறிக்குத் தாளிக்கிறாள் ஆச்சி. படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைக்கும்வரை எதையும் ருசி பார்க்கக் கூடாது. மற்ற நாட்களில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பவளுக்கு, அன்று அந்த வழி இல்லை.

இதை எழுதும்போது முதலில் சிக்குவது வாசனை. ‘தாளிப்பு மணம் வீட்டை நிறைத்தது’ என்றால் வாசிப்பவர் மூக்கில் ஒன்றும் ஏறாது. வாசனையை நேராக வருணிக்க நம்மிடம் சொற்கள் குறைவு. எதிலிருந்து வந்தது, உடம்பை என்ன செய்தது என்ற இரண்டைத்தான் சொல்ல முடியும். எண்ணெயில் மிளகாய் வற்றல் கருகினால் தொண்டை கமறும், இருமல் வரும். ஆகவே மணத்தை அடித்துவிட்டு இருமலை எழுதினேன்.

அடுத்தது உப்பு ஜாடி. அது பழுப்பு நிறம் என்பது என் நினைவு. வெள்ளை ஜாடி, கழுத்து மட்டும்தான் பழுப்பு என்கிறார் சித்தி. யார் சொல்வது சரியோ, கவிதைக்கு அந்த நிறம் தேவைப்படவில்லை. ஆச்சி கல்லுப்பை அள்ளி, அதில் கொஞ்சத்தை ஜாடிக்குள்ளேயே உதிர்த்துவிட்டு மீதியைக் குழம்பில் போடுவாள். கல் பீங்கானில் விழும் அந்தச் சத்தத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமுள்ளதை விட்டு, உறுதியானதைப் பிடித்துக்கொண்டேன்.

விறகுப் புகையில் ஓர் ஆபத்து இருக்கிறது. தூரத்திலிருந்து நினைக்கும்போது அது இனிக்கிறது. அதனுள் நின்றவளுக்கு அது கண்ணெரிச்சல். ஓட்டுக் கூரையின் கண்ணாடி வழியே இறங்கிய வெயிலில் புகை சுழன்றது எனக்கு அழகாகத் தெரிந்தது. அந்த அழகை வைத்தால் கவிதை என் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன். மிஞ்சியது இவ்வளவு:

அமாவாசை.
காக்கைக்கு முன் நாக்கில் படக் கூடாது.
ஜாடிக்குள் கையை விட்டாள்.
அள்ளிய கல்லுப்பில்
நாலைந்து கல்லை
உள்ளேயே உதிர்த்துவிட்டுக்
குழம்பைப் பார்த்தாள்.
வற்றல் கமறி நான் இருமினேன்.
‘தள்ளி நில்லுலே’ என்றாள்,
மீதி உப்பைப் போட்டபடி.

இன்னும் ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுத்தது: குழம்பில் உப்பு சரியாக இருந்தது என்று. அதைச் சேர்த்தால் கவிதை அவளுக்குச் சான்றிதழ் கொடுப்பதாக முடியும். நாக்கின் துணையில்லாமல், எவ்வளவு உப்பு என்று அவள் தீர்மானித்த அந்தக் கணம்தான் எனக்கு வேண்டியது. அது பலித்ததா என்பது வேறு கதை.

இறந்தவர்களைத் தெய்வமாக்குவது சுலபம். அவர்களைப் பற்றி மேற்கொண்டு எதுவும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்காது. உதிர்ந்த நாலைந்து கல்லுப்பை எழுதப்போனால், இந்தக் குழம்புக்கு இவ்வளவு போதும் என்று அவள் எப்படிக் கண்டாள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அன்பைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால், அவள் கணக்குப் போடத் தெரிந்தவள் என்பது எனக்குத் தோன்றியே இருக்காது.