ஐந்நூறு ரூபாய்த் தாளைப் பாதியாக மடி

"கையில 500 ரூபாதான் இருக்கு, இதை வச்சிட்டு எங்கண்ணே போறது?" என்று கேட்கிறாயே தம்பி, அந்தத் தாளை முதலில் பாதியாக மடி. கிழித்துவிடாதே, மடித்தால் போதும். ஒரு பாதி போவதற்கு, மறுபாதி திரும்பி வருவதற்கு. எவ்வளவு தூரம் போக முடியும் என்று கணக்குப் போடுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் திரும்பி வருவதை மறந்துவிடுகிறார்கள். பிறகு எங்கோ ஒரு பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டு, ஜிபேயில் பணம் அனுப்பச் சொல்கிறார்கள். உன் கேள்வி 500 ரூபாய்க்கு எவ்வளவு தூரம் என்பதல்ல. 250 ரூபாய்க்கு எவ்வளவு தூரம் என்பது.

நீ மதுரையில் நிற்கிறாய், ராமேஸ்வரம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாலை வழியாக ஏறக்குறைய 170 கிலோமீட்டர். உன்னிடம் பைக் இருக்கிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று முழுசாக வைத்துக்கொள். 500 ரூபாய்க்கு 5 லிட்டர். வண்டி 50 கிலோமீட்டர் கொடுத்தால் மொத்தம் 250, அதில் பாதி 125. ராமநாதபுரம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் வண்டியைத் திருப்பியாக வேண்டும். கடலைப் பார்க்க மாட்டாய். "என் வண்டி 60 கொடுக்கும்" என்று மார்தட்டுவாய். அப்போதும் 150 கிலோமீட்டர்தான். பாம்பன் பாலத்தில் ஏற மாட்டாய்.

அந்த 60 உண்மையா என்பதே சந்தேகம். யார் சொன்னது? வண்டி விற்றவர் சொன்னது. ஒருமுறை டேங்கை விளிம்புவரை நிரப்பு, மீட்டரைக் குறித்துக்கொள், 200 கிலோமீட்டராவது ஓட்டு, அதே பங்கில் அதே அளவுக்கு மறுபடி நிரப்பு. ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்து வருவதுதான் உன் மைலேஜ். பலருக்கும் இந்தக் கணக்கு போட்ட அன்று முகம் தொங்கிப்போகும். டயரில் காற்றுக் குறைவு, சங்கிலியில் எண்ணெய் இல்லை, நாற்கரச் சாலையில் 80க்குக் குறையாமல் முறுக்குவது என எல்லாம் சேர்ந்து 45க்கு இறக்கியிருக்கும். 45 என்றால் ராமநாதபுரம்கூடக் கஷ்டம்.

பைக்கைக் குறை சொல்லவில்லை. பின்னால் ஒரு நண்பன் உட்கார்ந்தால் செலவு பாதியாகிறது, இருசக்கர வண்டிக்கு தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் கட்டணமும் கிடையாது. இரண்டு பேர், ஆளுக்கு 500 என்றால் கதையே வேறு. தனியாளாகப் போகிறவனுக்குத்தான் சொந்த வண்டி பணக்காரச் சவாரி. கார் என்றால், நான்கு பேரும் நிரம்பாமல் பேச்சையே எடுக்காதே.

அடுத்து பேருந்து. அரசு விரைவுப் பேருந்துக்கு 2018இல் நிர்ணயித்த கட்டணம் கிலோமீட்டருக்கு 75 காசு, சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்கு 58 காசு. 170 கிலோமீட்டருக்கு விரைவுப் பேருந்தில் 130 ரூபாயை ஒட்டி வரும், வழியில் சுங்கம் இருந்தால் அதுவும் டிக்கெட்டில் ஏறும். போய்வர 260லிருந்து 300 ரூபாய். கடலைப் பார்த்துவிட்டாய், சாப்பாட்டுக்கும் மிச்சம் இருக்கிறது.

தங்கையே, உனக்குக் கையில் இன்னொரு சீட்டும் இருக்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த நகரப் பேருந்துகள் ஊருக்குள் மட்டும் சுற்றுவதில்லை. பக்கத்து ஊர்கள், கிராமங்கள்வரை நீள்கின்றன. எந்தத் தடம் எங்கே முடிகிறது என்று நடத்துநரிடம் கேட்டு ஒன்றோடு ஒன்றைக் கோத்தால், ஒரு பைசா செலவில்லாமல் சுற்றுவட்டாரத்தையே பார்த்துவிடலாம். பொழுது போகும், பணம் போகாது.

ரயிலுக்கு வா. இங்கேதான் உன் 500 ரூபாய் நிமிர்ந்து நிற்கிறது. மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் 40 ரூபாயை ஒட்டித்தான் கட்டணம். போய்வர 80. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் மேல் கடலைப் பார்த்தபடி போவாய். மீதி 420 ரூபாய் பையில் இருக்கும். ராமேஸ்வரத்தில் இறங்கியதும் "தனுஷ்கோடி போலாமா சார்" என்று ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மொத்த ரயில் செலவையும் ஒரே சவாரியில் விழுங்கிவிடும் அந்த ஆட்டோ. அமைதியாகக் கடந்து போய்ப் பேருந்தைக் கேள்.

இந்த இடத்தில் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாசஞ்சர் டிக்கெட் எடுத்துவிட்டு, பக்கத்துத் தண்டவாளத்தில் வந்து நின்ற எக்ஸ்பிரஸில் ஏறினேன். ரயில் ரயில்தானே என்று நினைப்பு. பரிசோதகர் வந்தார், சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய் என்றார், கட்டணமும் தனியாக. அன்றைக்கு நான் வைத்திருந்ததில் பாதிக்கு மேல் போயிற்று. முன்பதிவில்லாச் சீட்டு மூன்று வகை என்று அப்புறம்தான் புரிந்தது: சாதாரணம், மெயில்/எக்ஸ்பிரஸ், அதற்கு மேல் 15 ரூபாய் கூடுதலாக சூப்பர்பாஸ்ட். சாதாரணத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 10, எக்ஸ்பிரஸுக்கு 30. சின்னத் தூரத்துக்கு எக்ஸ்பிரஸ் எடுக்கிறவன் மூன்று மடங்கு கொடுக்கிறான்.

தூரம் கூடக்கூட ரயில் இன்னும் மலிவாகும். கிலோமீட்டருக்கான விகிதமே போகப் போகக் குறைகிற மாதிரிதான் கட்டணத்தை வகுத்திருக்கிறார்கள். அதனால் நீண்ட பயணத்தை இரண்டு சீட்டாக உடைக்காதே. ஒரே சீட்டாக எடு. மதுரையிலிருந்து சென்னை ரயிலில் 493 கிலோமீட்டர், முன்பதிவில்லாப் பெட்டியில் 200 ரூபாயை ஒட்டி வரும். போய்வர 400. அதே விரைவுப் பேருந்து என்றால், சாலைத் தூரம் 460க்கு ஒரு வழிக்கே 345 ஆகிறது. திரும்பி வரப் பணம் இல்லை!

வழியில் ஓர் ஊரைப் பார்க்க ஆசையா? 500 கிலோமீட்டரைத் தாண்டும் சீட்டுக்கு, முதல் 500 முடிந்த பிறகு ஓரிடத்தில் இறங்கி இரண்டு நாள் தங்க விதி இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குச் சீட்டு எடுத்தவன் திருச்சியில் இறங்கினால் அதோடு சரி, ஏனென்றால் அது 400ஐ ஒட்டியது. விழுப்புரத்தில் இறங்கலாம், 580ஐத் தொட்டுவிட்டான். சீட்டு எடுக்கும்போதே கவுன்டரில் சொல்லிவிடு. இறங்கிய இடத்தில் நிலைய மேலாளரிடம் காட்டிக் குறிப்பும் வாங்கு.

விலை மலிவு என்றால் முன்பதிவில்லாப் பெட்டியின் நெரிசலும் அந்த விலையில் அடக்கம். இரவு முழுக்க ஒற்றைக் காலில் நிற்க நேரும். அதற்கு வழி, உன் ஊரிலிருந்தே புறப்படுகிற வண்டியைத் தேர்ந்தெடுத்து ஒரு மணி நேரம் முன்னால் பிளாட்பாரத்தில் நிற்பது. வழியில் வந்து சேரும் வண்டியில் இடம் பிடிக்கும் சாமர்த்தியம் எனக்கு இன்றுவரை வரவில்லை. 200 கிலோமீட்டருக்கு மேல் என்றால் முன்பதிவில்லாச் சீட்டை மூன்று நாள் முன்பே எடுக்கலாம். கடைசி நேர வரிசையில் வேர்க்க வேண்டாம்.

பணம் இல்லை என்று இனிமேல் என்னிடம் சொல்லாதே. அடுத்த சனிக்கிழமை விடிகாலை மதுரை ஜங்ஷனில் நில். கவுன்டரில் "ராமேஸ்வரம் ஒன்று, பாசஞ்சர்" என்று சொல், வகையைச் சேர்த்தே சொல். சீட்டைக் கையில் வாங்கியதும், அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று ஒருமுறை படித்துவிட்டு ஏறு.